மாமியின் கொப்பியில் ‘மு. கா.’

அக்காவின் கலியாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அந்தக் கிழமை நான் செய்த குற்றங்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மூன்று இருந்தன. விசயம் அவற்றில் ஒன்றும் இல்லை.

“எடி பூமணி, உன்ரை மாமி அந்தக் கொப்பியிலை என்ன எழுதிறாள் எண்டு ஒருக்காப் பார்.”

“நீங்களே கேளுங்கோவன்.”

“கேட்டா உள்ளதைச் சொல்லுவாளே? நீதானே வீட்டிலை எல்லாத்தையும் கிளறுறனி. இதையும் கிளறு.”

இதுவரை அடி வாங்கித் தந்த ஒரு பழக்கத்துக்கு முதன்முதலாக மரியாதை கிடைத்தது. ஒத்துக்கொண்டேன்.

மாமி என்பது சிவமணி மாமி. ஐயாவின் ஒரே தங்கை. முப்பத்திரண்டு வயது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் எங்கள் வீடு. அந்த வீட்டின் முன்னறையில் ஒன்பது வருடமாக இருக்கிறார். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறார். என்னையும் படிப்பித்துப் பார்த்தார்; எட்டாம் வகுப்போடு இருவருமே கைவிட்டோம். தன் சம்பளத்தில் ஒரு கிராமபோன் வாங்கி, அதற்கு அறுபது எழுபது பாட்டுப் பிளேட்டும் சேர்த்து வைத்திருக்கிறார். ஊசி டப்பாவை மட்டும் பூட்டி வைப்பார். ஒருமுறை அந்த ஊசிகளால் நான் ஐயாவின் சாய்மனைக் கதிரைக்கு ஒரு வேலை செய்ததுதான் காரணம்.

அம்மாவின் சந்தேகத்துக்கு ஒரு பழங்கதை உண்டு. மாப்பிள்ளை சுந்தரலிங்கத்தின் தமையனை எட்டு வருடத்துக்கு முன் மாமிக்குத்தான் பேசினார்கள். எல்லாம் சரியாக வந்து, கடைசியில் அவர்களுடைய பெரியப்பா இரத்தினசிங்கம் சாதகத்தை வாங்கிப் பார்த்து, “பொருத்தமில்லை” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். சாதகமும் தெரியும், சங்கீதமும் தெரியும் என்று பெயர் எடுத்த மனிதர். அவர் சொன்னால் அந்த வீட்டில் அப்பீல் இல்லை. பிறகு மாமிக்கு ஒன்றும் சரிவரவில்லை. இப்போது அதே வீட்டுக்கு என் அக்கா போகிறாள். வரவேற்புக்குப் பாட்டு ஒழுங்கு செய்வது மாமி. அம்மாவின் கண்ணால் பார்த்தால், பாம்பின் கையில் பால் செம்பைக் கொடுத்த மாதிரி.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா ஐயாவிடம் சொன்னதையும் கேட்டேன்.

“கலியாண வீட்டிலை ஒரு அபசகுனம் நடந்ததோ, உங்கடை தங்கச்சியைச் சாவகச்சேரிக்கு அனுப்பிப் போடுங்கோ. பெரியண்ணை வீட்டிலை இருக்கட்டும். இனி இஞ்சை வைச்சிருக்கேலாது.”

ஐயா பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பினார். எங்கள் வீட்டில் அது சம்மதம்.

சாவகச்சேரிப் பெரியப்பா வீட்டில் பெண்கள் வேலைக்குப் போவதில்லை. கிராமபோன் என்றால் அவருக்குக் கூத்தாடிகளின் சாமான். மாமி போனால் பள்ளிக்கூடமும் போய்விடும், பிளேட்டும் போய்விடும். முன்னறைக்கும் கூடத்துக்கும் நடுவில் பலகைத் தட்டிதான். உள்ளே மாமி கொப்பியில் எழுதிக்கொண்டிருந்த சத்தம், அம்மா பேசி முடித்ததும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

அடுத்த நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து பலீல் நானா வந்தார். உலகச் சண்டைக்கு முந்தியே லவுட்ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுகிறவர். நான் ஜன்னலுக்கு வெளியே, மல்லிகைப் பந்தலுக்குக் கீழே, வேவு.

“டீச்சர், நம்மட்ட விடுங்கோ. நான் எத்தின கலியாணம் பாத்தீக்கிறேன். தொடக்கத்தில நாதஸ்வரம் ரெண்டு, பொறகு டான்ஸ் பிளேட், கடைசி வரைக்கும் புல் சத்தம். கொச்சிக்கடைக்காரன் கேட்டுட்டு ஹார்பர்ல இருந்தே வருவான்.”

“சாப்பிடேக்கையும் புல் சத்தமோ?”

“அப்பதான் கூடுதலா வெக்கோணும். சனம் கத்துற சத்தத்த மூடோணுமே.”

“சனம் ஏன் கத்துது நானா? பாட்டு கத்துறபடியால்தான் கத்துது.”

பலீல் நானா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். இதை இதுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை போலும்.

மாமி கொப்பியைத் திறந்தார். “ஒரு பக்கம் மூண்டரை நிமிசம் ஓடும். ஊசி மாத்தி, பிளேட் மாத்த அரை நிமிசம். அப்ப மணித்தியாலத்துக்குப் பதினைஞ்சு பக்கம். நாலரைக்கு ஆக்கள் வரத் தொடங்குவினம். வாசல்லை நாதஸ்வரம், அது நாலு பக்கம். பெரியவை வந்து கதிரையிலை இருந்தாப் பிறகு கீர்த்தனை. அவைக்கு வார்த்தை விளங்கோணும். விளங்காட்டி, பாடகர் பிழையாப் பாடுறார் எண்டு கதைக்கத் தொடங்கிடுவினம். லவுட்ஸ்பீக்கர்க் கொம்பைப் பெரியவையின்ரை பக்கம் திருப்ப வேண்டாம். வேலிப் பக்கம் பாக்கட்டும்.”

“அப்ப சின்னவங்களுக்கு?”

“அஞ்சேகாலுக்குக் கந்தோர்க் கோச்சி ஒண்டு எங்கடை வேலிக்குப் பின்னாலை தண்டவாளத்திலை போகும். அஞ்சேமுக்காலுக்கு இன்னொண்டு. அந்த நேரம் வீணை வைச்சா வீணை எங்கை, கோச்சி எங்கை எண்டு தெரியாது. அதுதான் சின்னவையின்ரை நேரம். பான்ட் வாத்தியப் பிளேட்டும் சினிமாப் பாட்டும். மருமக்கள் ஆடட்டும். பெரியவை ஏசினா, கோச்சியை ஏசட்டும்.”

பலீல் நானா சத்தமாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வேவுக்காரி என்பதால் அடக்கிக்கொண்டேன்.

“ஆறு மணிக்குப் பந்தி. அதுக்குப் பாட்டே வேண்டாம். வயலின், வீணை, புல்லாங்குழல். வார்த்தை இருந்தா, சாம்பார் கொண்டாறவன் கூப்பிடுறதும் பாடகர் கூப்பிடுறதும் ஒண்டாப் போகும். மெல்லிய ஊசி போடுங்கோ, சத்தம் தணிஞ்சிருக்கும். எல்லாரும் எழும்பிக் கை கழுவினாப் பிறகுதான் திரும்பப் பாட்டு. கடைசியிலை மங்களம். மங்களத்தை மட்டும் முந்தி வைச்சிடாதேங்கோ. அது கேட்டா பெரியவை முடிஞ்சுதெண்டு எழும்பிப் போயிடுவினம்.”

இவ்வளவும் நல்லதாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. இத்தனை நுணுக்கமாக நன்மை செய்யத் தெரிந்தவருக்கு அதே நுணுக்கத்தில் தீமையும் செய்யத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் நான் செய்த பெரிய சேட்டைகள் எல்லாம், பின் வரிசை வாங்கில் நல்ல பிள்ளையாக இருந்த நாட்களில் செய்தவை.

மாமி குளிக்கப் போன நேரம் கொப்பியை எடுத்தேன். பாட்டின் பெயர் எதுவும் இல்லை. எல்லாம் இலக்கமும் எழுத்தும். அதற்கும் நான்தான் காரணம்: போன தைப்பொங்கலுக்கு முன் பிளேட்டுகளின் உறைகளை எல்லாம் மாற்றிப் போட்டுவிட்டேன். தாலாட்டு வைக்கப் போன மாமிக்கு மிலிட்டரி பான்ட் வந்தது. அதன் பிறகு உறையை நம்பாமல், தனக்கு மட்டும் விளங்கும் குறிப்பு வைத்திருந்தார்.

பந்திக்குரிய பக்கத்தில், முப்பத்தோராவது பிளேட்டுக்கு நேரே, இரண்டு எழுத்து: ‘மு. கா.’

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் கலியாண வீட்டில் வைக்கக்கூடாத ராகம் ஒன்று உண்டு என்றும், அதன் பெயர் முகாரி என்றும் வெள்ளவத்தையில் யாருக்குத்தான் தெரியாது? மணவறையில் முகாரி கேட்டால் அழுகை வீட்டுக்குள் வரும் என்று பெண்கள் சொல்வார்கள். அதற்குக் கீழே ‘பி. பை.’ என்று இருந்தது. பிறகு பைய வைக்க வேண்டும் என்று அர்த்தப்படுத்திக்கொண்டேன். முகாரி, பிறகு பைய. பந்தியில், எல்லாரும் குனிந்து சாப்பிடும்போது, மெல்லிய ஊசியில். நினைக்க நினைக்க எனக்கே கைதட்ட வேண்டும் போல இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் முகம் சோறு வடித்த கஞ்சி மாதிரி வெளுத்தது.

“நான் சொன்னனானெல்லோ?”

“இப்பவே கேக்கட்டே அம்மா?”

“வாயைப் பொத்து. கேட்டா இல்லையெண்டு வேறை ஒண்டு வைப்பாள். அவளை விட்டா இந்த வேலை தெரிஞ்ச ஆளும் இல்லை.” அம்மா விரலை மடக்கி மடக்கி யோசித்தார். “இரத்தினசிங்கம் அண்ணைக்கு ராகம் தெரியும். அவரை ஒருக்காக் காதைக் குடுத்துக் கேக்கச் சொல்லுவம்.”

நரியைப் பிடிக்க வேறொரு நரியைக் கூப்பிட்டது எங்கள் அம்மாதான். ஆனால் நரி இருக்கிறது என்று சொன்னது நான்.

காலையில் கோயிலில் தாலி கட்டு முடிந்தது. பின்னேரம் நாலரைக்கு எங்கள் முற்றத்துக் கிடுகுப் பந்தலில் வரவேற்பு. பலீல் நானா மாமரத்தில் கொம்பைக் கட்டி, வேலிப் பக்கம் திருப்பி வைத்தார். மாமி பச்சைக்கரைச் சேலையோடு கிராமபோன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஒரு பக்கத்தில் பிளேட்டுகள் அடுக்கு. மறுபக்கத்தில் பழைய ஊசி போட ஒரு சிகரெட் டின்.

எல்லாம் கொப்பியில் இருந்தபடி நடந்தது. ஐயாவோடு கந்தோரில் வேலை செய்பவர்கள் நாதஸ்வரத்தோடு நுழைந்தார்கள். கிழவர்கள் கீர்த்தனைக்குத் தலையாட்டி, தலையாட்டலில் ஒருவரை ஒருவர் வென்றார்கள். ஐந்தேகாலுக்கு வேலிக்குப் பின்னால் கோச்சி ஊத, அதே நேரம் பான்ட் அடிக்க, மச்சான்மார் குதித்தார்கள். அம்மாவின் பார்வை மட்டும் மேசையை விட்டு நகரவில்லை. இரத்தினசிங்கம் பெரியவரின் கதிரை ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சாண் மேசைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. கோச்சி நேரத்தில்கூட ஒரு காதைக் கையால் வளைத்து வைத்திருந்தார். பான்ட் வாத்தியத்தில் முகாரி ஒளிந்திருக்குமோ என்று பார்த்திருப்பார்.

ஆறு மணிக்கு முதல் பந்தி. வாழை இலை போட்ட நீண்ட மேசைகள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வரிசை, தலைமாட்டில் பெரியவர். முதலில் வீணை. முற்றம் மெதுவாக அமைதியானது. பேச்சுச் சத்தம் தணிந்து, அப்பளம் நொறுங்குவது கூடக் கேட்டது. பலீல் நானா என்னிடம், “பாத்தீங்களா, சனம் கத்தல்லையே,” என்றார். தான் கண்டுபிடித்தது போலச் சொன்னார்.

பிறகு முப்பத்தோராவது பிளேட். முன்பக்கம். வயலின். பெரியவர் கவளத்தை நிறுத்திக் கேட்டார், தலையாட்டினார், விழுங்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மாமி ஊசியை மாற்றி, பிளேட்டைத் திருப்பிப் போட்டார்.

வயலின் தனியாக, மிருதங்கம் இல்லாமல், மெதுவாக இழுத்துத் தொடங்கியது. ஒரு நிமிடம் போயிருக்கும்.

“நிப்பாட்டு!”

பெரியவரின் கை சோற்றிலிருந்து மேலே வந்திருந்தது. “ஆர் இது வைச்சது? முகாரி! கலியாணப் பந்தியிலை முகாரி!”

வரிசையில் எல்லாக் கைகளும் நின்றன. அவர் கதிரையைப் பின்னால் தள்ளி அரைவாசி எழும்பிவிட்டார். எங்களவர்களில் பந்தியில் மூத்தவர் எழும்பினால் மற்றவர்களும் எழும்ப வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டுக்கு நடுவில் இலையை விட்டு எழும்பிப் போனார்கள் என்றால் அந்த வார்த்தை வத்தளைக்கும் போகும், யாழ்ப்பாணத்துக்கும் போகும். சுந்தரலிங்கம் அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா இலையைப் பார்த்தாள். ஐயா கறி வாளியோடு நின்ற இடத்திலேயே நின்றார். அம்மா மாமியைப் பார்த்த பார்வையில் சாவகச்சேரிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

மாமி ஊசியைத் தூக்கினார். பதறவில்லை. மேசையை விட்டு வந்து பெரியவரின் இலைக்கு முன்னால் நின்றார். எட்டு வருடத்துக்குப் பிறகு அவரோடு கதைத்த முதல் பேச்சு அது.

“பிழையெண்டா மாத்தி விடுறன், பெரியவர். நீங்கள் இருங்கோ. உங்களுக்குப் பைரவி பிடிக்குமோ?”

பெரியவர் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு நின்றவரிடம் விருப்பம் கேட்டால் என்ன செய்வார்? “பைரவி… பைரவி ஆருக்குப் பிடிக்காது? சுத்தமான பைரவியெண்டா வை.”

“சுத்தமானது. இருங்கோ.”

அவர் இருந்தார். வரிசையில் கைகள் மறுபடி சோற்றுக்கு இறங்கின.

மாமி மேசைக்கு வந்து பிளேட்டை எடுத்து உறைக்குள் போட்டார். அடுக்கைக் குனிந்து கிளறினார். பிறகு நிமிர்ந்து, அதே உறையிலிருந்து அதே பிளேட்டை உருவி, அதே பக்கம் மேலே வர வைத்தார். மெல்லிய ஊசியைக் கழற்றித் தடித்த ஊசி போட்டார். ஊசியை ஓரத்தில் வைக்காமல், இரண்டு விரல் உள்ளே தள்ளி வைத்தார்.

வயலின் மிருதங்கத்தோடு துள்ளிக்கொண்டு வந்தது.

பலீல் நானாவின் வாய் திறந்தது. “டீச்சர், இது அந்த—”

“நானா, சத்தத்தை ஒரு சொட்டுக் குறையுங்கோ.”

நானா வாயை மூடி, சத்தத்தைக் குறைத்தார். பிறகு மாமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவருடைய தோள் இரண்டும் குலுங்கின.

“இதுதான் பைரவி!” பெரியவர் இடது கையால் தொடையில் தாளம் போட்டார். “கேட்டீரோ பொன்னம்பலம்? அது எங்கை, இது எங்கை! காது இருக்கிறவனுக்குத்தான் விளங்கும்.”

“ஓம் அண்ணை,” என்றார் ஐயா.

பெரியவர் பாயாசம் இரண்டாந்தரம் வாங்கினார்.

நான் மேசைக்கு அருகில் போய், சுற்றி நின்ற பிளேட்டின் நடுவிலிருந்த லேபலை வாசித்தேன். சின்ன எழுத்தில் ராகத்தின் பெயர் அச்சடித்திருந்தது: பைரவி. திருப்பிப் பார்த்தேன். காம்போதி. முன்பக்கம் காம்போதி, பின்பக்கம் பைரவி. மு. கா.; பி. பை. எட்டாம் வகுப்போடு நிறுத்தியது கொஞ்சம் அவசரம்தான்.

மாமி மிச்சத்தையும் வரிசை தவறாமல் வைத்தார். கை கழுவும் நேரம் பாட்டு, சின்னவர்களுக்கு இன்னும் நாலு பக்கம், கடைசியில் மங்களம். மங்களம் கேட்டதும் பெரியவர்கள் ஒருவரும் சொல்லாமலே எழும்பிச் செருப்புத் தேடினார்கள். பலீல் நானா கொம்பை இறக்கிக் கட்டும்போது மாமியிடம் சொன்னார்: “டீச்சர், அடுத்த கலியாணத்துக்கு அந்தக் கொப்பிய எனக்குத் தாங்கோ. ஒங்கட மூளையும் சேத்துத் தந்தா நல்லம்.”

அவர் போனதும் அம்மா கூடத்தில் ஐயாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

“பாத்தியளோ? பந்தியிலை முகாரி வைச்சவள். ஏதோ எங்கடை நல்ல காலம், அண்ணை இருந்திட்டார். வாற கிழமையே கூட்டிக்கொண்டு போய் விட்டிட்டு வாருங்கோ.”

ஐயா பத்திரிகையைத் தேடினார். தேடியது கிடைத்து ஒரு பக்கம் திரும்பிவிட்டால் முடிந்தது. நான் அதை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

“ஐயா, அது முகாரி இல்லை.”

“உனக்கென்னடி தெரியும்?” என்றார் அம்மா.

“ஒண்டும் தெரியாது. அதுதான் வில்லங்கம். மாமியின்ரை கொப்பியை நான் களவாய்ப் பாத்தனான். ‘மு. கா.’ எண்டது முன்பக்கம் காம்போதி. நான்தான் முகாரி எண்டு வாசிச்சனான். பெரியவர் கத்தினது பின்பக்கம். அது பைரவி. பிறகு சுத்தமான பைரவி எண்டு தொடையிலை தட்டினாரே, அதுவும் அதே பின்பக்கந்தான். மாமி ஊசியை நடுவிலை வைச்சவ. நான் கண்ணாலை பாத்தனான்.”

முன்னறைக் கதவில் மாமி நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. அவரைப் பார்த்தபடி மீதியைச் சொல்ல முடியவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னேன். “பிழை என்னிலை, மாமி. அடிக்கிறதெண்டா அடியுங்கோ.”

“உறை மாத்தினதுக்கே அடிக்கேல்லை,” என்றார் மாமி.

ஐயா எழும்பினார். “சிவமணி, அந்தப் பின்பக்கத்தை முதல்லையிருந்து வை.”

லவுட்ஸ்பீக்கர் இல்லை. முன்னறையில் மாமியின் சின்னக் கிராமபோனில், கையால் சாவி கொடுத்து, புது ஊசி போட்டு வைத்தார். வயலின் தனியாகத் தொடங்கியது. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒரு நிமிடத்தில், “இதிலைதானே அவர் கத்தினவர்?” என்றார். மாமி தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் போனது. மிருதங்கம் சேர்ந்தது. அம்மாவின் கை கதவு நிலையிலிருந்து கீழே விழுந்தது.

“இது… இதுக்குத்தானே பாயாசம் கேட்டவர்?”

“ஓம் மச்சாள்.”

“ரண்டும் ஒண்டோ?”

“ஒண்டுதான். பைரவியும் முகாரியும் கிட்டடிச் சொந்தக்காரர். மெதுவா இழுக்கேக்கை எனக்கும் சிலவேளை தடுமாறும். அவரிலை பிழையில்லை. முகாரி வரும் எண்டு ஆரோ சொல்லி வைச்சிருக்கினம்.”

அந்த ‘ஆரோ’ இருவரும், அம்மாவும் நானும், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பிளேட் ஓடி முடிந்து ஊசி நடுவில் சுரண்டிக்கொண்டிருந்தது. யாரும் தூக்கவில்லை. அம்மாவின் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது. “அப்ப அந்த மனிசன்…” என்று தொடங்கினார். “அண்டைக்கு உன்ரை சாதகத்தையும்…” என்று மேலே போகாமல் நின்றார். பன்னிரண்டு நாளாக மாமியின் மேல் இருந்த சந்தேகம் எழும்பி, இரத்தினசிங்கம் பெரியவரின் வீட்டுப் பக்கம் நடந்து போவதை நான் பார்த்தேன். அது எட்டு வருடம் பிந்திப் புறப்பட்டிருந்தது.

மாமி ஊசியைத் தூக்கினார். முகத்தை எங்களுக்குக் காட்டாமல், ஊசியைக் கழற்ற வேண்டியதை விட அதிக நேரம் எடுத்துக் கழற்றினார்.

“பள்ளிக்கூடம் எப்ப துவங்குது?” என்று கேட்டார் ஐயா.

“திங்கக்கிழமை.”

“போற வழியிலை எனக்குப் பத்திரிகை வாங்கித் தந்திட்டுப் போ. வீட்டிலை இருக்கிறதை இவள் ஒளிச்சிட்டாள்.”

அம்மா உள்ளே வந்து மாமியின் கட்டிலில் ஓரமாக உட்கார்ந்தார். ஒன்பது வருடத்தில் அந்த அறைக்குள் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பிளேட்டைக் கண்ணால் காட்டினார்.

“மற்றப் பக்கத்தையும் வையன் மச்சாள். நான் சோறு போட்ட அந்தர அவசரத்திலை கேக்கேல்லை.”